ஏழாம் அத்தியாயத்தில் விழுந்தது யார்?

"தண்ணிக்குள்ள கெடந்தவ நான்லே! நீ படிக்கட்டுல உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தே!"

"அக்கா, மெதுவாப் பேசு. தெருவே கேக்குது."

"கேக்கட்டும். ஊரு பூரா போன்ல அனுப்பிட்டு, இப்ப என் தொண்டையை மட்டும் அடைக்கச் சொல்லுதியோ?"

"ஊரு பூரா எங்க அனுப்பினேன்? பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பினேன்."

"அந்தக் குரூப்புல நான் இல்லையா? என் மகன் இல்லையா? அவன் மாமியாரு இல்லையா? அந்த அம்மா காலையிலயே போன் போட்டு, 'உங்க தம்பி அருவியில இருந்து பொழைச்சவராமே'ன்னு கேக்குதா. நான் என்னத்தைச் சொல்ல?"

தென்காசியில் ரத வீதிக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் காலை பத்து மணிக்கு யாருக்கும் வேலை இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது. எதிர்வீட்டுப் பிச்சைமணி துடைத்த ஸ்கூட்டரையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார். கீரைக்காரியிடம் விலை கேட்ட இரண்டு பேர், அவள் போன பிறகும் விலை கேட்ட இடத்திலேயே நின்றார்கள். பின்னே, சொக்கம்மாள் ஆச்சி தன் தம்பி வீட்டு நடுக்கூடத்தில் நின்று சத்தம் போடுவது என்ன தினமும் நடக்கிற காரியமா? அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் அக்காளும் தம்பியும் ஒரு கடுஞ்சொல் பேசிக்கொண்டதில்லை. ரசம் நன்றாக இருந்தால் பாத்திரத்தோடு வரும், நன்றாக இல்லாவிட்டாலும் வரும். அவ்வளவு ஒற்றுமை.

தம்பி முத்துக்குமாரசாமி நில அளவர். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும், யார் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தாலும், "அரை அடி தெருவுக்குள்ள வந்திருக்கு" என்று சொல்லாமல் தாண்ட மாட்டார். அதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு. மனைவி ஜோதிலட்சுமி. ஒரே மகள் உமா மகேஸ்வரி பெங்களூரில். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்: ஏழாவது படிக்கிற அதீபா, அவளுக்கு இளையவன் குமரகுரு. அதீபா தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். குமரகுருவுக்கு அதுவும் கிடையாது, காதால் கேட்பதோடு சரி.

இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் மனிதர் தன் கதையை எழுத ஆரம்பித்தார்.

முதல் அத்தியாயம் எப்படி இருந்தது தெரியுமா? பிறந்த வருடம், நட்சத்திரம், பாட்டனார் பெயர், பூட்டனார் பெயர், அவர்களுக்குக் கீழப்பாவூர்ப் பக்கம் எத்தனை கோட்டை விதைப்பாட்டு நிலம், அதற்கு நான்கு எல்லைகள் எவை எவை. படித்துக் காட்டச் சொல்லி உமாவுக்கு அனுப்பினார். மூன்றாவது வரியில் குமரகுரு தூங்கிவிட்டான். அதீபாவிடமிருந்து பதில் வந்தது. "தாத்தா, இது ஆதார் கார்டு மாதிரி இருக்கு."

இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அப்புறம் அந்தப் பிள்ளையிடமே போன் போட்டு எப்படி வேண்டும் என்று கேட்டார். அவள் சொன்னதை ஒரு பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி மேஜை மேல் ஒட்டிக்கொண்டார். ஒரு அத்தியாயத்தில் ஒரு சம்பவம்தான். அது நடந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். தாளின் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் இரவுச் சாப்பாட்டில் குமரகுரு இரண்டு தோசை தின்பதற்குள் படித்து முடிக்க வேண்டும். அவர்களுக்குத் தெரியாத பொருள் வந்தால், அது என்னவென்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கடைசியில், "ஆகவே குழந்தைகளே" வரக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் அவரை மிகவும் வருத்தியது. அவரிடம் ஆகவேக்கள் ஏராளம் இருந்தன.

வேலை நடந்த விதம் இதுதான். காலையில் கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதுவார். எழுதியதை வாய்விட்டுப் படிப்பார். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுவார். பிறகு போனில் தன் குரலிலேயே பதிவு செய்து குடும்பக் குரூப்பில் போடுவார். தாளைப் போட்டோ எடுத்து உமாவுக்குத் தனியாக அனுப்புவார். பிள்ளைகள் கேட்டுவிட்டுக் கேள்வி கேட்பார்கள். "சிலேட்டை எதால அழிப்பீங்க?" "பயமா இருந்துச்சா?" "அந்த ஆடு அப்புறம் என்ன ஆச்சு?" அந்தப் பதில்களையெல்லாம் உள்ளே சேர்த்து இரண்டாவது முறை எழுதுவார். அதன்பின் தாள் மைதீனின் டி.டி.பி. கடைக்குப் போகும். அங்கே பெரிய எழுத்தில், வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு அச்சாகிப் பெங்களூர் போகும். பிள்ளைகளின் கேள்வியிலிருந்தே அடுத்த அத்தியாயம் முளைக்கும். இப்படித்தான் செங்கோட்டைக்கு அப்பால் மலைக் குகைக்குள் ரயில் புகுந்து எல்லார் முகமும் கரியானது ஓர் அத்தியாயமானது. பண்பொழிப் பக்கம் மலையடிவாரத்தில் சங்கிலி பிடித்து அளக்கும்போது சிறுத்தையைப் பார்த்தது இன்னோர் அத்தியாயமானது.

சிறுத்தையைப் பார்த்த தாத்தா என்றால் சும்மாவா? பேரன் கேட்டான்: "அதைவிடப் பெரிய ஆபத்து உண்டா தாத்தா?"

உண்டே! அவர் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த கதை அது. கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லுவார், அலுவலகத்தில் சொல்லுவார், அவருடைய பணி ஓய்வு விழாவில் பேசிய அதிகாரியே அதைச் சொல்லித்தான் முடித்தார். சின்னப் பையனாக இருக்கும்போது குற்றாலம் பேரருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, அவரை அடித்துக்கொண்டு போய், பாறையில் மோதி, யாரோ ஒரு பெண் கையைப் போட்டுக் காப்பாற்றிய கதை. ஏழாம் அத்தியாயம். 'அருவி என்னை இழுத்தது' என்று தலைப்பு வைத்தார். "ஓவென்ற பேரிரைச்சல் என் காதைப் பிளந்தது. அரக்குச் சேலை கட்டிய ஓர் அம்மாள் என் சடையைப் பிடித்து இழுத்தாள்" என்று எழுதினார். குரல் நடுங்கப் படித்துப் பதிவு செய்தார். ஜோதிலட்சுமிக்கே அன்று கண் கலங்கியது. அவள் அந்தக் கதையைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறவள்.

மறுநாள் காலையில் அதீபாவின் குரல் வந்தது.

"தாத்தா, சூப்பர். எங்க தமிழ் கிளாஸ் ஆண்டு விழாவுல இதத்தான் நான் படிக்கப் போறேன், மிஸ் ஓகே சொல்லிட்டாங்க. ஒரே ஒரு டவுட். உங்களுக்கு எப்படிச் சடை இருந்துச்சு? பாய்ஸுக்குச் சடை இருக்காதுல்ல?"

அவருக்குப் பதில் தயாராக இருந்தது. "திருமலைக் குமாரசாமிக்கு முடி நேர்ந்திருந்தாங்கம்மா. எங்க அம்மா எனக்குச் சடை பின்னிவிடுவா." அவரும் குரலிலேயே அனுப்பினார், குரூப்பில், எல்லாரும் கேட்கும்படி. அனுப்பிய கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அங்கேதான் நாம் கதைக்குள் வந்தது.

"முடி நேர்ந்தது நெசம்தான்," என்றாள் சொக்கம்மாள். "ஆனா அந்த முடியை எப்ப எறக்கினாங்க? சித்திரையில. சாரல் எப்ப விழும்? ஆனியில. ஏலே, சித்திரையில மொட்டை அடிச்ச தலையில ஆனியில சடை மொளைக்குமா? எந்தச் சாமி குடுக்கும் அப்படி ஒரு முடி?"

"அது வேற வருசமா இருக்கும்."

"வேற வருசமா! அந்தச் சீசன் முடிஞ்சு நான் பள்ளிக்கூடம் போகல. அந்த வருசம்தான். அம்மா இருந்தா கேக்கலாம். இல்லாமப் போயிட்டா, உனக்கு வசதியாப் போச்சு."

"மைனி, உக்காருங்க, காபி கொண்டாரேன்," என்றாள் ஜோதிலட்சுமி.

"உன் காபியை நீயே குடிட்டி. ஞாயித்துக்கெழமை பேரப்பிள்ளைக வீடியோவுல பேச வரும்ல, அப்ப அந்தப் பிள்ளைகிட்ட இவன் உள்ளதைச் சொல்லணும். இல்லன்னா வீடியோவுல நான் வந்து சொல்லுவேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிச்சைமணி ஸ்கூட்டரை உள்ளே தள்ளினார்.

கோபம் என்றால் முத்துக்குமாரசாமி தாங்கியிருப்பார். அவரை அரித்தது வேறு. அக்காள் பொய் சொல்லுகிறவள் இல்லை. அப்படியென்றால் தன் தலைக்குள் இருக்கிற இது என்ன? தண்ணீரின் நிறம் தெரிகிறது, அந்த அரக்குச் சேலை தெரிகிறது, ஒரு சிவப்பு ரிப்பன் சுழன்று சுழன்று போவது தெரிகிறது. இவ்வளவும் கண்ணுக்குள் இருக்க, நடக்காத ஒன்றையா மூளை நடந்ததாகக் காட்டும்? அவர் தகப்பனார் பரமேஸ்வரன் கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே, "தாசில்தார் அய்யா, பட்டாவை மாத்திக் குடுங்க" என்று கும்பிட்டவர். அதுவும் இப்படித்தானே ஆரம்பித்தது? முதலில் கதை மாறியது, அப்புறம் ஆள் மாறியது. பேரப்பிள்ளைகளைப் பார்த்து, நீ யாரென்று கேட்கிற நாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

அன்று மத்தியானம் சாப்பாட்டில், வத்தக்குழம்பில் கிடந்த சுண்டைக்காயின் பெயர் அவருக்கு நாக்கில் வரவில்லை.

"என்னங்க, இருப்புக் கொள்ளாம இருக்கீங்க?"

"ஜோதி, நம்ம கல்யாணத்தன்னைக்கு மழை பெஞ்சுதுல்ல?"

"பெய்யல. உங்க சித்தப்பா மேல பன்னீர்ச் செம்பு சாஞ்சுது."

அவர் எழுந்து போய்விட்டார். பாவம், அவள் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

எழுதி அனுப்பிய மற்ற அத்தியாயங்களை எடுத்துப் பரப்பினார். ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டுப் படித்தார். ஆடு சர்டிபிகேட்டைத் தின்றது. பார்த்ததா, கேட்டதா? ரயில் குகை. பார்த்தது, பெட்டியில் உட்கார்ந்திருந்தோம், மூக்கைச் சிந்தியது கறுப்பாக வந்தது. சரி. சிறுத்தை. பார்த்தது. முழுசாகவா? இங்கே பேனாவைக் கீழே வைத்தார்.

பீரோவிலிருந்து போட்டோ ஆல்பத்தை இறக்கினார். தென்காசி ஸ்டுடியோவில் அந்த வருடச் சீசனுக்கு விருந்தாளிகள் வந்தபோது குடும்பமாக எடுத்த படம் இருந்தது. பின்னால் அப்பாவின் கையெழுத்தில் மாதமும் வருடமும். ஆனி. படத்தில் அம்மாவின் மடியோரம் ஒரு பையன், தலையில் பூனை முடிபோலக் கொஞ்சம் முளைத்திருக்க, முறைத்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் பதினோரு வயதுச் சொக்கம்மாள். இரட்டைச் சடை, இரண்டு பக்கமும் ரிப்பன்.

படம் கறுப்பு வெள்ளை. ஆனாலும் ரிப்பன் சிவப்பு என்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துக் குற்றாலம் போனார். சொல்லிக்கொள்ளவில்லை. ஜோதிலட்சுமி எழுந்து பார்த்தால் ஆள் இல்லை, செருப்பு இல்லை, போன் மட்டும் மேஜை மேல் இருக்கிறது. இப்படித்தான் ஒருநாள் வெளியே போன மாமனாரைச் சுரண்டை பஸ்ஸில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "மைனி, அவுகளைக் காணோம்!"

நேற்று கத்தின சொக்கம்மாள் செருப்பைத் தேடினாள். "அங்கனதான் போயிருப்பான்," என்றாள். அவள் மகன் மகாதேவன் காரை எடுத்தான்.

பேரருவியில் அன்று தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. சாரல் காற்றில் பஜ்ஜிக் கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். எண்ணெய் தேய்க்கிற ஒருவர், "மசாஜ் பண்ணலாமா அண்ணாச்சி?" என்று கேட்டதைக் காதில் வாங்காமல் முத்துக்குமாரசாமி பெண்கள் குளிக்கிற பக்கத்தை நோக்கி நின்றார். அப்படி ஒரு வயதான ஆண் வெறித்துக்கொண்டு நின்றால் போலீஸ்காரர் சும்மா இருப்பாரா? "பெரியவரே, இங்கன நிக்கக் கூடாது. அந்தப் பக்கம் போங்க," என்று விரட்டினார். அவர் பின்வாங்கிப் பின்வாங்கிப் படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவுடன் எல்லாம் சரியான இடத்தில் வந்து நின்றது.

அவர் தொழிலில் முதல் பாடமே இதுதான். வயலை அளந்து வந்தவனிடம் அளவு எவ்வளவு என்று பிறகு கேட்கலாம். எந்தக் கல்லில் நின்று அளந்தாய் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். நின்ற கல் தப்பென்றால் அளந்ததெல்லாம் தப்பு. இத்தனை வருடம் இந்த ஞாபகத்தை மட்டும் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. அந்தச் சிவப்பு ரிப்பன் தண்ணீரில் சுழன்று போகிறதே, அதை எங்கிருந்து பார்த்தேன்? தண்ணீருக்குள் கிடப்பவனுக்குத் தன் தலைப் பின்னல் எப்படித் தெரியும்? அம்மா வாயைத் திறந்து ஓடி வருகிறாளே, அவள் முகம் பக்கவாட்டில் தெரிகிறதே, அது எந்தக் கல்லிலிருந்து? இந்தக் கல்லிலிருந்து. இதே படிக்கட்டு. கையில் உப்பும் எண்ணெயுமாக ஏதோ ஒன்று. முறுக்கு.

மகாதேவனும் சொக்கம்மாளும் வந்தபோது அவர் அங்கேயே இருந்தார்.

"ஏலே முத்து," என்றாள் அவள். கோபமா பயமா என்று தெரியாத குரல்.

"அக்கா, நீதான். நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆனா எனக்குத்தான் நடந்ததுன்னு... எனக்கும் அப்பா மாதிரி ஆயிட்டோ?"

"ஒண்ணும் ஆகல. உனக்கு மறதியில்ல. உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க." மூச்சு வாங்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகாதேவனைப் பார்த்து, "நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாலே," என்று அனுப்பினாள். அவன் போகவில்லை. நாமும் போகப் போவதில்லை.

கதை இப்படி. அன்றைக்கு வந்திருந்த விருந்தாளிகள் வெறும் விருந்தாளிகள் இல்லை, கீழப்பாவூர் மாமா வீட்டுக்காரர்கள். பின்னால் சொக்கம்மாளைக் கட்டிக்கொடுக்கலாம் என்று பேச்சில் இருந்த வீடு. அவர்கள் தேனருவிப் பாதையில் செண்பகாதேவி அருவி வரை மேலே நடந்து போயிருந்த நேரத்தில் வெள்ளம் வந்தது. சொக்கம்மாளை இழுத்துப்போய்ப் பாறையில் அடித்தது. பிடரியில் கிழிந்தது. காப்பாற்றியது அரக்குச் சேலைக்காரி இல்லை. கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆண்பிள்ளை. சடையைப் பிடித்து இழுத்து, தோளில் போட்டுத் தூக்கி வந்தான். அரக்குச் சேலை, அவள் மேல் போர்த்த யாரோ கொடுத்தது. பதினோரு வயதுப் பெண்ணை முன்பின் தெரியாதவன் நனைந்த துணியோடு சீசன் கூட்டம் பார்க்கத் தூக்கி வந்தான், பிடரியில் தழும்பு வேறு விழும் என்றால், மாமா வீட்டில் என்ன சொல்வார்கள்? அவர்கள் இறங்கி வருவதற்குள் அம்மா முடிவெடுத்துவிட்டாள். "பையன் தண்ணியில போயிட்டான், அவனைப் பிடிக்கப் போயி இவளுக்குச் சின்னச் சிராய்ப்பு."

"அன்னைக்கே உனக்குத்தான் அடிபட்டதுன்னு தலையில மஞ்சத் துணியைக் கட்டிவிட்டா. நீ அழுதே. அழுதவனுக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்து, 'சாமி காப்பாத்திச்சுல்ல, அந்தச் சேலைக்கார அம்மா தூக்கினாள்ல'ன்னு சொல்லிச் சொல்லி... வாரவ போறவ எல்லாம் உன்னைத் தூக்கிக் கொஞ்சினா. எனக்குச் சடையைக் கொண்டையாக்கித் தழும்பை மூடியாச்சு. பள்ளிக்கூடத்தையும் மூடியாச்சு."

"அத்தான் என்ன சொன்னாரு?"

"அந்த மனுசன் கல்யாணத்துக்கு ரெண்டாம் நாளே பார்த்துட்டாரு. 'இதுக்குத்தானா உங்க அம்மா அந்தப் பாடு பட்டா? எண்ணெய் தேய்க்கையில பார்த்துத் தேய்ச்சுக்கோ'ன்னாரு. அவ்வளவுதான் அவரு பேச்சு." சொக்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "கதை உனக்குப் போனதுல எனக்கு வருத்தமில்லலே. சொல்லிட்டுப் போறான்னு விட்டேன். ஆனா எழுதிட்டியே. எழுதினா அதுதானே நிக்கும்? நாளைக்கு நான் போனப்புறம் இந்தத் தழும்பு யாருது?"

இதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

அந்த ஞாயிறு வரைக்கும் மனிதர் பட்ட பாடு! தப்பென்று சொன்னால் பிள்ளைகள் இனி எதை நம்பும்? சொல்லாவிட்டால் அக்காள் வருவாள். விழாவில் படிக்கப் போகிற பிள்ளையை இப்போது போய் நிறுத்தச் சொல்வதா? வயிற்றுவலி என்று போனை எடுக்காமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தார். மைதீன் கடைக்குப் போய், "ஏழாம் அத்தியாயத்தை அடிச்சிட்டியா தம்பி?" என்று கேட்டார்.

"அடிச்சு, பாப்பாவுக்கு மெயிலும் போட்டாச்சு சார். எங்க உம்மா அழுதுட்டாங்க."

"அதை வாங்க முடியாதா?"

"எதை சார், மெயிலையா? உம்மா அழுததையா?"

வீடியோவில் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். குமரகுரு வாயில் தோசை. உமா பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முத்துக்குமாரசாமி எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது, ஆனால் வெட்டவில்லை. விழுந்தது நானில்லை, உங்கள் சொக்காச்சி. நான் படிக்கட்டில் இருந்தேன். எனக்கு நடந்ததாகவே நினைத்துவிட்டேன்.

குமரகுரு தோசையை விழுங்கினான்.

"அப்போ லெப்பர்டும் பொய்யா?" என்றான் குமரகுரு.

"பொய்யில்லடா. பார்த்தேன்." ஜோதிலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாலைப் பார்த்தேன். மிச்சம் புதருக்குள்ள இருந்துச்சு. மத்ததைச் சங்கிலி பிடிச்ச ஆளு பார்த்துட்டுச் சொன்னான்."

"வாலே போதும்," என்றான் பேரன் பெரிய மனசோடு.

உமா துணியைக் கீழே வைத்திருந்தாள். "அப்பா, உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு?" அவள் கேட்டது வேறு என்று அவருக்கும் தெரிந்தது. அவர் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து சொக்கம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குள் வந்துவிட்டாள்.

"அவனுக்கு ஒண்ணும் இல்லட்டி உமா. எங்க அம்மா செஞ்ச வேலை." திரும்பி உட்கார்ந்து, கொண்டையை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். பிடரியில் வெள்ளைப் புழுபோல ஒரு தழும்பு. இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் ஜோதிலட்சுமியே அதைப் பார்த்ததில்லை.

அதீபா திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். யார் பொய், யார் உண்மை என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"ஆச்சி, தண்ணிக்குள்ள எப்படி இருந்துச்சு?"

சொக்கம்மாள் கொண்டையைத் தூக்கிய கையை இறக்கவேயில்லை. அதை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, புருசன் கேட்கவில்லை, பெற்ற பிள்ளை கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சத்தமே இல்லட்டி," என்றாள் மெதுவாக. "வெளிய அவ்வளவு எரைச்சல். உள்ள போனதும் ஒண்ணுமே கேக்கல. பச்சையா இருந்துச்சு. இங்க யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்கன்னு நெனைச்சேன். அது நல்லா இருந்துச்சு. அப்புறம்தான் பயம் வந்துது."

முத்துக்குமாரசாமி மேஜை மேலிருந்த தாளைப் பார்த்தார். 'ஓவென்ற பேரிரைச்சல் என் காதைப் பிளந்தது.' பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"தாத்தா, ரெண்டு பேரும் எழுதுங்க," என்றாள் அதீபா. "ஆச்சி தண்ணியில இருந்து. நீங்க படிக்கட்டுல இருந்து. நான் ரெண்டையும் படிக்கேன். அப்புறம், பார்த்ததுக்குப் பக்கத்துல கண்ணு போடுங்க, மத்தவங்க சொன்னதுக்குக் காது போடுங்க. அப்ப குமரு கொஸ்டின் கேக்க மாட்டான்."

"கேப்பேன்," என்றான் குமரகுரு.

ஆண்டு விழாவுக்கு இடையில் சில நாள்தான். அக்காள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினார். அதற்கும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சண்டை. "நான் 'அஞ்சினேன்'னு சொல்லல. 'பயந்துட்டேன்'னு சொன்னேன். அதையே எழுது." "அக்கா, எழுத்துல கொஞ்சம்..." "உன் கொஞ்சம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் என் கதையைக் கொண்டு போனே." எண்ணெய் தேய்க்கிற ஆள் சேலைக்காரியாக மாறியது ஏன் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று இருவரும் ஒரு காலைப் பொழுது முழுக்கத் தடுமாறினார்கள். கடைசியில், "அப்போதெல்லாம் பெண்பிள்ளைக்கு ஒரு காயம் என்றால் அதை முதலில் மறைப்பார்கள், அப்புறம்தான் மருந்து போடுவார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஏழாம் அத்தியாயம் சொக்கம்மாள் பேரில் வந்தது. எட்டாம் அத்தியாயம் தம்பி பேரில், 'முறுக்கு' என்ற தலைப்பில். அது ஒரு பக்கம்தான். மைதீன் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கமாக வரும்படி அச்சடித்தான். ஓரத்தில் சின்னச் சின்னக் கண்ணும் காதும். ஏழாம் அத்தியாயத்தில் முழுக்கக் கண், எட்டாவதில் பாதிக்குமேல் காது.

விழாவில் அதீபா படித்ததற்குக் கைதட்டல் எப்படி என்று கேட்டால், பரவாயில்லையாம். முந்தின கதைக்கென்றால் இன்னும் பலமாகத் தட்டியிருப்பார்கள் என்பது பிச்சைமணியின் கட்சி. அவரும் இப்போது தன் கதையை எழுதுகிறார் என்று கேள்வி. முதல் அத்தியாயம் இன்னும் பாட்டனாரைத் தாண்டவில்லை.

முத்துக்குமாரசாமிக்குச் சுண்டைக்காய் திரும்ப நாக்கில் வந்துவிட்டது. ஆனால் பயம் முழுதும் போகவில்லை. தினமும் எழுதுமுன் நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்து, எந்தக் கல்லில் நின்றேன் என்று ஒரு தடவை முணுமுணுக்கிறார். கல்யாணத்தன்று மழை பெய்ததா என்பது இன்னும் தீரவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் கண்ணும் இல்லை, காதும் இல்லை.

தை மாதம் மைதீனுக்குச் செங்கோட்டையில் பெண் எடுத்து நிக்காஹ் ஆனது. பெண் கேரளப் பக்கத்து வார்த்தை கலந்து பேசுகிறதென்று மாமியார்க்காரி கடை வாசலில் பெருமையடித்துக்கொள்கிறாள். மகாதேவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்ததும் சொக்கம்மாளும் கூடப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்கு இப்போது ஒரு பேங்க் மேனேஜர் குடிவந்திருக்கிறார், ரசம் கொடுத்தால் பாத்திரத்தைத் திருப்பித் தருகிறார், வெறுமனே. சொக்கம்மாள் அங்கே கொண்டை போடுவதை விட்டுவிட்டாளாம். இருக்கிற முடியைச் சின்னதாகப் பின்னித் தோளில் முன்னால் போட்டுக்கொள்கிறாளாம். பிடரியைப் பார்த்து யாராவது கேட்டால் வாயைத் திறப்பதில்லை. மைதீன் அடித்துக்கொடுத்த தாளை எடுத்து நீட்டுகிறாள். மகன் மாமியார்தான் முதலில் வாங்கிப் படித்தாளாம், எழுத்துக் கூட்டி.

இது மட்டும் நாம் காதால் கேட்டது.